கம்பி, சிமென்ட் விலையேற்றத் தொகையைக் கணக்கிடுவது எப்படி: 10சி.ஏ. பிரிவு படிப்படியாக

ஒப்பந்ததாரர் ஒருவர் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கான பில்லோடு இரும்புக் கடை ரசீதுகளையும் ஒரு கோப்பில் கட்டிக்கொண்டு வந்தார். "சார், டெண்டர் போட்டபோது கம்பி டன் ஐம்பதாயிரம். இப்போது அறுபத்து மூன்றாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கியிருக்கிறேன். வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்றார். ரசீதுகள் எல்லாம் உண்மையானவைதான். ஆனாலும் அவர் கேட்ட தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. விலை மாறுபாட்டுப் பிரிவு ரசீதைப் பார்த்துப் பணம் தருவதில்லை என்பதை அன்று அவருக்கு விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரப் பேச்சைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்வது மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் உள்ள 10சி.ஏ. பிரிவு. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு நடக்கும் கட்டட வேலைகளில் சிமென்ட், கான்கிரீட் கம்பி, கட்டமைப்பு இரும்பு போன்ற குறிப்பிட்ட பொருட்களின் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பந்தத் தொகையை அதற்கேற்ப மாற்றுவது இந்தப் பிரிவு. எந்தப் பொருட்களுக்கு இது பொருந்தும் என்பது உங்கள் ஒப்பந்தத்தின் 'எஃப்' அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். அதில் இல்லாத பொருளுக்கு இந்தச் சூத்திரத்தை எடுக்கவே முடியாது. நிபந்தனைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், உங்கள் வேலைக்குப் பொருந்தும் பதிப்பையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வேலையின் நகல் உதவாது.

சூத்திரம் இதுதான்:

```
V = P × Q × (CI − CIo) / CIo
```

V என்பது கூட்டவோ கழிக்கவோ வேண்டிய தொகை. P என்பது அட்டவணையில் தரப்பட்ட அடிப்படை விலை. Q என்பது முந்தைய பில்லுக்குப் பிறகு வேலைக்கென்று தளத்துக்கு வந்த அளவு. CIo அடிப்படை நாளின் விலைக் குறியீட்டெண். CI கணக்கிடும் காலத்தின் குறியீட்டெண். சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் இந்தக் குறியீட்டெண்களைத் துறையின் தலைமை இயக்குநர் வெளியிடுகிறார்.

பள்ளிக்கூடத்துச் சதவீதக் கணக்குதான். ஆனால் நான் பார்த்த தகராறுகளில் ஒன்றுகூடப் பெருக்கல் தப்பியதால் வந்ததில்லை. எல்லாமே உள்ளே போட்ட எண்களால் வந்தவை. அதிலும் பெரும்பாலானவை Q-வால் வந்தவை.

முதல் படி: அடிப்படை நாளை உறுதி செய்வது

டெண்டர் பெறுவதற்கென்று குறிக்கப்பட்ட கடைசி நாள்தான் அடிப்படை நாள். வேலை உத்தரவு தந்த நாளோ, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளோ அல்ல. கடைசி நாள் நீட்டிக்கப்பட்டிருந்தால், நீட்டித்த நாளே கணக்கு.

இந்த இடத்தில் நானே ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். ஒரு விடுதிக் கட்டட வேலைக்கு டெண்டரின் கடைசி நாள் முதலில் ஜனவரி 28. ஐயங்களுக்கு விளக்கம் தரத் தாமதமானதால் அது பிப்ரவரி 11-க்குத் தள்ளிப்போனது. நீட்டிப்பு அறிவிப்பு கோப்பின் கடைசியில் கிடந்தது. நான் முதல் அறிவிப்பை மட்டும் பார்த்து ஜனவரிக் குறியீட்டெண்ணை எடுத்துவிட்டேன். விளைவு எப்படி இருக்கும் என்பதைக் கீழே எண்களில் காட்டுகிறேன். இனி வரும் விலைகளும் குறியீட்டெண்களும் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வேலைக்குரியவற்றைச் சுற்றறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியின் அடிப்படை விலை டன்னுக்கு ₹50,000. பிப்ரவரிக் குறியீட்டெண் 125, ஜனவரிக் குறியீட்டெண் 120. ஆகஸ்டில் 150. பிப்ரவரியை அடிப்படையாகக் கொண்டால் ஏற்றம் 25/125, அதாவது 20 சதவீதம், டன்னுக்கு ₹10,000. ஜனவரியைக் கொண்டால் 30/120, அதாவது 25 சதவீதம், டன்னுக்கு ₹12,500. பார்வைக்கு ஐந்து புள்ளி வித்தியாசம்தான். டன்னுக்கு ₹2,500 கூடுதலாகப் போய்விடுகிறது; அதுவும் ஒரு பில்லோடு நிற்காமல் ஒவ்வொரு பில்லிலும் போய்க்கொண்டே இருக்கும். தணிக்கையில் கண்டுபிடித்தால் மொத்தமாகப் பிடித்தம் செய்ய வேண்டிவரும்.

P-யும் CIo-வும் ஒரே நாளுக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பதே இதில் மனத்தில் நிற்க வேண்டியது. அட்டவணையைத் தயாரித்த அலுவலகம் சில சமயம் விலையை ஒரு மாதச் சுற்றறிக்கையிலிருந்தும் குறியீட்டெண்ணை இன்னொரு மாதத்திலிருந்தும் எடுத்துவிடும். டெண்டர் நிலையிலேயே இதைக் கேட்டுத் திருத்திக்கொள்வது எளிது. வேலை பாதியில் நிற்கும்போது திருத்த யாரும் முன்வர மாட்டார்கள். அடிப்படை விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதையும் அப்போதே சுற்றறிக்கையில் படித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: Q-வைத் திரட்டுவது

சூத்திரத்தின் மற்ற மூன்று எண்களும் காகிதத்தில் அச்சாகி வருகின்றன. Q மட்டும் தளத்தில் பிறக்கிறது. அதனால்தான் சண்டையும் அங்கேயே பிறக்கிறது.

கம்பி லாரி வாசலுக்கு வரும் நாளிலிருந்து தொடங்குங்கள். பதிவேட்டில் வந்த தேதி, விட்டம், எடைமேடைச் சீட்டு எண், தயாரிப்பாளரின் சோதனைச் சான்று எண் ஆகியவற்றை எழுதி, ஒப்பந்ததாரரின் ஆளும் துறையின் இளநிலைப் பொறியாளரும் அன்றே கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதிய பதிவேட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்: ஒரே பேனா, ஒரே சாய்வு, மழை பெய்த நாளில்கூட ஒரு சொட்டுக் கறை இல்லாத தாள்.

கம்பியில் எடை என்றாலே இரண்டு எடை உண்டு. எடைமேடை காட்டுவது ஒன்று. விட்டத்தை வைத்துக் கணக்கிடும் தர எடை இன்னொன்று. மி.மீ. விட்டத்தை வர்க்கமாக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும், 12 மி.மீ. கம்பிக்கு அது சுமார் 0.89 கிலோ. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1786 இந்த எடையில் சிறு விலகலை அனுமதிக்கிறது: 10 மி.மீ. வரை 7 சதவீதம், 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம். ஆகவே எடைமேடையில் 20 டன் என்று வந்த சுமை, நீளத்தை அளந்து கணக்கிட்டால் 20.6 டன் என்று வரலாம். வேலையின் அளவு தர எடையில் எழுதப்படும்போது Q-வை எடைமேடையில் எடுத்தால், கடைசிப் பில்லில் இரண்டும் ஒட்டாது. எந்த எடை என்பதை முதல் சுமை இறங்குவதற்குள் எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிமென்ட்டை மூட்டையாக எண்ணுவது எளிது. இருபது மூட்டை ஒரு டன். ஆனால் இன்று பெரிய கட்டடங்களில் மூட்டையே கண்ணில் படுவதில்லை. கலவை லாரியில் கான்கிரீட்டாகவே வந்துவிடுகிறது. அப்போது கலவை ஆலையின் சுமைச் சீட்டும் ஒப்புதல் பெற்ற கலவை விகிதமும்தான் சாட்சி. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கன மீட்டரில் பிணைப்புப் பொருள் 400 கிலோ என்று சீட்டில் இருக்கும். அதில் 100 கிலோ அனல்மின் நிலையத்துச் சாம்பலாக இருக்கலாம். சிமென்ட்டின் குறியீட்டெண் சாம்பலுக்குப் பொருந்தாது. 120 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 48 டன் என்று கேட்டால் தவறு. 300 கிலோ கணக்கில் 36 டன்தான் சரி. கலவையில் வரும் சிமென்ட்டை எப்படி எண்ணுவது என்பதைச் செயற்பொறியாளரிடமிருந்து முன்கூட்டியே கடிதமாக வாங்கிவிடுவது நல்லது.

அடுத்து, கழிக்க வேண்டியவை. கூடுதல் உருப்படிகள், மாற்று உருப்படிகள், அனுமதித்த எல்லையைத் தாண்டிய அளவுகள் ஆகியவற்றுக்கு 12-ஆம் பிரிவின்படி அன்றைய சந்தை விலையில் புது விகிதம் கொடுப்பது உண்டு. அந்த விகிதத்துக்குள் கம்பியின் இன்றைய விலை ஏற்கெனவே இருக்கிறது. அதே கம்பியை Q-விலும் சேர்த்தால் ஒரே ஏற்றத்துக்கு இரண்டு முறை பணம் போகும். கூடுதல் உருப்படிக்கான விகிதம் பல மாதம் கழித்துத்தான் முடிவாகும் என்பதால், இது பெரும்பாலும் வேண்டுமென்று செய்த தவறாக இருக்காது, மறதியாக இருக்கும். சந்தை விலைக்குப் போகக்கூடிய உருப்படிகளுக்குப் பதிவேட்டில் தனி நிரல் ஒன்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் படி: மாதத்தைப் பிரிப்பது

பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். குறியீட்டெண் மாதந்தோறும் மாறும். எனவே பில்லின் மொத்த Q-வை ஒரே CI-யோடு பெருக்கக் கூடாது. வந்த தேதியை வைத்து மாத வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்தந்த மாதக் குறியீட்டெண்ணோடு பெருக்க வேண்டும். சராசரி எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு மாதத்திலும் சம அளவு வந்திருந்தால் மட்டுமே அது சரியாக வரும். தளத்தில் அப்படி ஒரு மாதம் வாய்ப்பது அபூர்வம்.

பொருள் வந்த மாதம் எவ்வளவு முக்கியம் என்பதை 2022 எல்லோருக்கும் காட்டியது. 2020-இன் பிற்பகுதியிலிருந்து ஏறிக்கொண்டே வந்த இரும்பு விலை 2022 ஏப்ரல் வாக்கில் உச்சத்துக்குப் போனது. மே 22 முதல் மத்திய அரசு பல இரும்புப் பொருட்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி விதித்ததும் உள்நாட்டு விலை இறங்கியது; நவம்பர் 19-இல் அந்த வரி விலக்கப்பட்டது. ஏப்ரலில் உச்ச விலைக்கு முன்பணம் கட்டி, ஜூனில் சரக்கை இறக்கிய ஒப்பந்ததாரர் ஏப்ரல் குறியீட்டெண்ணைக் கேட்க முடியாது. சரக்கு தளத்துக்கு வந்தது ஜூனில். இதன் மறுபக்கமும் உண்டு. குறியீட்டெண் உயரமாக இருக்கும் மாதத்தில், அடுத்த ஓராண்டுக்கு வேண்டிய கம்பியைக் கொண்டுவந்து குவித்து, எல்லாவற்றுக்கும் ஏற்றம் கேட்பார்கள். 'வேலையில் நேர்மையான பயன்பாட்டுக்காக' என்ற சொற்கள் நிபந்தனையில் இருப்பது இதற்குத்தான். வேலைத் திட்டத்தில் அடுத்த இரண்டு மாதத்துக்கு எத்தனை தளம், எத்தனை தூண் என்று பார்த்தால் குவியல் நியாயமானதா என்பது தெரிந்துவிடும்.

நான்காம் படி: ஒரு பில்லை முழுதாகப் போட்டுப் பார்ப்பது

அதே விடுதிக் கட்டடம், 24 மாத வேலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கான ஏழாவது பில்.

முதலில் கம்பி. ஆகஸ்டில் 42 டன் வந்தது. அதில் 4 டன், வரைபடத்தில் முதலில் இல்லாத ஒரு தாங்கு சுவருக்குப் போகிறது. அது சந்தை விலை உருப்படி. மீதி 38 டன். CI 150. செப்டம்பரில் 18 டன், CI 145.

```
ஆகஸ்ட்:     50,000 × 38 × (150 − 125)/125 = 3,80,000
செப்டம்பர்:  50,000 × 18 × (145 − 125)/125 = 1,44,000
கம்பி மொத்தம்                             = 5,24,000
```

அடுத்து சிமென்ட். அடிப்படை விலை டன்னுக்கு ₹5,600, CIo 110. ஆகஸ்டில் 160 டன், CI 115.5. செப்டம்பரில் 140 டன். மழைக்காலத்தில் கட்டட வேலைகள் மந்தமாகி விலை சரிந்ததால் CI 107.8.

```
ஆகஸ்ட்:     5,600 × 160 × (115.5 − 110)/110 =  44,800
செப்டம்பர்:  5,600 × 140 × (107.8 − 110)/110 = −15,680
சிமென்ட் நிகரம்                             =  29,120
```

இந்த பில்லில் ஒப்பந்ததாரருக்குச் சேர வேண்டியது ₹5,53,120. செப்டம்பர் சிமென்ட்டுக்கு வந்த கழித்தல் குறியைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். ஏறும்போது வாங்கிக்கொள்வதும் இறங்கும்போது திருப்பித் தருவதும் ஒரே பிரிவுதான். ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. தொகை குறையும் மாதத்தில் ஒப்பந்ததாரர் கணக்கையே கொடுக்காமல் இருந்தால், துறைப் பொறியாளர்தான் போட்டுக் கழிக்க வேண்டும். அப்படிக் கழிக்காமல் விட்ட மாதங்களைத்தான் தணிக்கையாளர் முதலில் தேடுவார்.

இனி அவருடைய ரசீதுக்கு வருவோம். அவர் கணக்குப்படி டன்னுக்கு ₹13,500 வித்தியாசம். 38 டன்னுக்கு ₹5,13,000. சூத்திரம் தந்தது டன்னுக்கு ₹10,000, ₹3,80,000. மீதி ₹1,33,000 அவர் கையிலிருந்து போனது. சூத்திரம் கேட்பது 'சந்தை எவ்வளவு நகர்ந்தது' என்பதை மட்டுமே. 'நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்' என்று அது கேட்பதே இல்லை. அவர் கடனுக்கு வாங்கினார். கடனுக்கு வட்டியும் விலைக்குள் இருந்தது. கையில் பணத்தோடு நின்று ₹58,000-க்கு வாங்கியிருந்தால் டன்னுக்கு ₹2,000 அவருக்கு மிச்சமாகியிருக்கும். அதையும் துறை திருப்பிக் கேட்காது. டெண்டரில் விலை போடும்போது, அன்று உங்களுக்குக் கிடைக்கும் கம்பி விலை அட்டவணையின் அடிப்படை விலையைவிட ₹3,000 கூட என்றால், அந்த ₹3,000-ஐ உங்கள் விகிதத்திலேயே ஏற்றிவிடுங்கள். பின்னால் இந்தப் பிரிவு அதைத் தராது.

பில் போடும் நாளில் செப்டம்பர் குறியீட்டெண் வெளிவராமல் இருப்பது வழக்கமான சங்கடம். கடைசியாகக் கிடைத்த எண்ணை வைத்துத் தற்காலிகமாகப் போட்டு, 'தற்காலிகம்' என்று பில்லிலேயே எழுதி, அடுத்த பில்லில் சரிசெய்யலாமா என்று அலுவலகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் அந்த எண்ணே நிலைத்துவிடும்.

ஐந்தாம் படி: கெடு தாண்டிய மாதங்கள்

நீண்ட நாள் வேலை கெடுவுக்குள் முடிவது குறைவு. எனவே இந்தப் படி எல்லா வேலைக்கும் வரும். தாமதத்துக்கு ஒப்பந்ததாரர் காரணம் என்று 2-ஆம் பிரிவின்படி இழப்பீடு பிடித்தால், அந்த மாதங்களுக்கு விலையேற்றம் கிடையாது. தாமதம் நியாயமானது என்று 5-ஆம் பிரிவின்படி கால நீட்டிப்பு கிடைத்தால், விலையேற்றம் உண்டு. ஆனால் ஒரு வேலியோடு. கெடு முடிந்த நாளின் குறியீட்டெண், அந்த மாதத்தின் குறியீட்டெண், இரண்டில் எது குறைவோ அதுதான் CI. கூடுதல் வேலை செய்திருந்தால் அதற்குரிய காலத்தைச் சேர்த்துக் கெடு நாளே தள்ளிப்போகும்; அந்தத் தள்ளிய நாளின் குறியீட்டெண்ணே வேலி.

நம் எடுத்துக்காட்டில் கெடு நாளின் கம்பிக் குறியீட்டெண் 148 என்று வைப்போம். நீட்டித்த காலத்தில் ஒரு மாதம் 160 ஆனால் 148-ஐயே எடுக்க வேண்டும். இன்னொரு மாதம் 140-க்கு இறங்கினால் 140-ஐ எடுக்க வேண்டும். ஏற்றத்துக்குத் தடை உண்டு, இறக்கத்துக்குத் தடை இல்லை. இது ஒப்பந்ததாரருக்குப் பாதகமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வரைபடம் தராமல் துறை தாமதித்த மாதங்களுக்கும் இதே வேலிதான். அதற்கு ஒரே காப்பு, கூடுதல் வேலைகளின் மதிப்பை உடனுக்குடன் எழுதி, கெடு நாளை முறையாகத் தள்ளி வைத்துக்கொள்வது. தடைப் பதிவேட்டில் எழுதாத தடையைக் கடைசியில் நினைவிலிருந்து நிரூபிக்க முடியாது.

10சி.சி.யோடு மோதாமல் பார்ப்பது

கூலிக்கும் மற்றப் பொருட்களுக்கும் 10சி.சி. என்று இன்னொரு பிரிவு உண்டு. அது அளவைப் பார்ப்பதில்லை. காலாண்டில் முடித்த வேலையின் மதிப்பை எடுத்து, அதில் 85 சதவீதத்தை மட்டும் கணக்கில் கொண்டு, பொருளுக்கு இத்தனை சதவீதம், கூலிக்கு இத்தனை சதவீதம் என்று முன்பே குறித்த பங்குகளைப் போடுகிறது. அந்தப் பொருள் பங்கைக் குறிக்கும்போதே 10சி.ஏ. பொருட்களை விலக்கித்தான் குறித்திருக்க வேண்டும். உங்கள் அட்டவணையில் கம்பி, சிமென்ட் இரண்டும் 10சி.ஏ.யில் இருந்தும் 10சி.சி. பொருள் பங்கு 60, 65 சதவீதம் என்று பெரிதாக இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி நிதியில் நடக்கும் வேலைகளிலும் இத்தகைய பங்கு முறையே இருக்கும். அங்கே எத்தனை டன் வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. கணக்கு எளிது; ஆனால் அடித்தளமும் தூண்களும் எழும் மாதங்களில் கம்பி நிறையப் போகும், பூச்சு வேலை மாதங்களில் ஒன்றும் போகாது; பங்கு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். அந்த முறையின் பழக்கத்தில் 10சி.ஏ. கணக்கைப் போடாதீர்கள்.

கடைசிப் படி: மொத்தத்தை ஒட்டிப் பார்ப்பது

இறுதிப் பில்லுக்கு முன், எல்லா பில்களிலும் ஏற்றம் கொடுத்த Q-வைக் கூட்டி, அளவுப் புத்தகத்தில் உள்ள வேலைக்குக் கணக்குப்படி வேண்டிய அளவோடு ஒட்டிப் பாருங்கள். சந்தை விலை உருப்படிகளை இரு பக்கமும் நீக்கிவிட வேண்டும்.

விடுதிக் கட்டடத்தில் ஏற்றம் கொடுத்த கம்பி 612 டன். அளவுப் புத்தகப்படி வேண்டியது 590 டன். ஒப்பந்தம் அனுமதித்த 2 சதவீத விலகலைச் சேர்த்தால் 601.8 டன். மீதி 10.2 டன் எங்கே? தளத்தில் தேடினால் இரண்டு டன் துண்டுகள் கிடந்தன. மற்றதை ஒப்பந்ததாரர் தம் இன்னொரு வேலைக்கு லாரியில் அனுப்பியிருந்தார். வாசல் காவலரின் நோட்டில் வெளியே போன வண்டி எண்கள் வரிசையாக இருந்தன.

அந்த 10.2 டன்னை எந்த மாதத்துக் கணக்கிலிருந்து கழிப்பது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. கடைசியாக வந்த சுமைகளிலிருந்து கழிப்பது என் வழக்கம். தளத்தில் மிஞ்சக்கூடியது கடைசியில் வந்த கம்பிதான். அந்த மாதத்தின் CI 140. டன்னுக்கு ஏற்றம் ₹6,000, பிடித்தம் ₹61,200. உச்ச மாதமான ஆகஸ்டிலிருந்து கழித்திருந்தால் ₹1,02,000 ஆகியிருக்கும். இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்டினேன். ஒப்பந்ததாரர் சிறிது நேரம் பார்த்துவிட்டு முதல் எண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.